சந்தை உலாவை நிறுத்தலாமா? ஒரு சேனல் மேலாளரின் கடிதமும் அதன் கணக்கும்

யூடியூப் சேனல் நடத்துபவரிடம் அவர் ஆசையாகச் செய்துவரும் தொடரை நிறுத்திவிடுங்கள் என்று சொல்வது, சேனல் மேலாளரின் பொறுப்புகளில் எல்லாரும் தள்ளிப்போடும் ஒன்று. நேரில் சொன்னால் பேச்சு மனத்தாங்கலில் முடிந்துவிடும். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பினால் அலட்சியமாகத் தோன்றும். அதனால் பலர் கடிதமாக எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்களில் பெரும்பாலானவை பார்வை எண்ணிக்கை ஒன்றை மட்டும் காட்டி முடிவைச் சொல்லிவிடுவதால், படைப்பாளர் முதல் பத்தியிலேயே மறுப்பைக் கண்டுபிடித்துவிடுகிறார். கடிதம் எழுதுபவரே மறுப்புகளை முன்கூட்டி எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றையும் தரவில் சோதித்துவிட்டு எழுதிய கடிதம் எப்படி இருக்கும் என்பதை இங்கே ஒரு மாதிரியை வைத்துப் பார்க்கலாம். சேனலும் எண்களும் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. கணக்கிடும் முறையும் யூடியூப் பற்றிய செய்திகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

சேனல் சிங்கப்பூரில் வசிக்கும் ஒரு பெண்மணியுடையது. சமையல் காணொளிகளே அதன் உயிர்நாடி. அவற்றுடன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை காலையில் தேக்கா நிலையத்தின் ஈரச் சந்தைக்குள் கேமராவோடு நடந்து, மீன், கீரை, தேங்காய் என்று வாங்கியபடியே கடைக்காரர்களிடம் பேசும் 'சந்தை உலா' என்ற தொடரும் வருகிறது. பாகம் ஒன்று சுமார் 18 நிமிடம். சேனல் தொடங்கிய காலத்தில் அவருக்கு முகவரி தேடித் தந்தது இந்தத் தொடர்தான் என்பதால், அதன் மீது அவருக்குத் தனிப் பற்று உண்டு. மேலாளர் அவரைவிட வயதில் இளையவர். கடிதம் "வணக்கம் அக்கா" என்று தொடங்குவதும், தொடர் தொடர்பான எல்லாக் குறைகளும் 'நீங்கள்' என்ற எழுவாய் இல்லாமல் எழுதப்பட்டிருப்பதும் இதனால்தான். "நீங்கள் முதல் அரை நிமிடத்தில் ஆட்களை இழக்கிறீர்கள்" என்று எழுதாமல், "முதல் அரை நிமிடத்தில் பாதிப் பேர் வெளியேறுகிறார்கள்" என்று எழுதுகிறார். இது வெறும் மரியாதைக்காக அல்ல. காணொளியின் ஒவ்வொரு விநாடியிலும் எத்தனை பேர் மீதம் இருக்கிறார்கள் என்று காட்டும் ரிடென்ஷன் வளைவில் தெரிவது பார்வையாளர்களின் செயல், அதை அப்படியே சொல்வதுதான் சரியான விவரிப்பும்கூட.

முதல் சிக்கல், எதை எதோடு ஒப்பிடுவது என்பது. சமையல் காணொளி ஒன்றைத் தேடி ஒரு வருடம் கழித்தும் ஆட்கள் வருவார்கள். சந்தையில் நடந்த காணொளியை அப்படி யாரும் தேடுவதில்லை. ஆகவே இன்றுவரை சேர்ந்த மொத்தப் பார்வைகளை எடுத்து ஒப்பிட்டால் சந்தை உலா தோற்பது முன்பே முடிவாகிவிட்ட போட்டியாகும். மேலாளர் அந்த அளவுகோலைக் கைவிட்டு, ஒவ்வொரு காணொளியும் வெளியான முதல் 28 நாள்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார். யூடியூப் ஸ்டூடியோவில் காணொளிகளைக் குழுவாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும் வசதி இருப்பதால், சந்தை உலாவின் 18 பாகங்கள் ஒரு குழுவாகவும், அதே ஒன்பது மாதத்தில் வந்த 26 சமையல் காணொளிகள் இன்னொரு குழுவாகவும் அமைகின்றன. எதிர்த்தரப்புக்குச் சாதகமான அளவுகோலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அதிலும் முடிவு மாறவில்லை என்று காட்டுவது இந்தக் கடிதம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் உத்தி.

அடுத்தது சராசரி. சந்தை உலாவின் 17 பாகங்கள் முதல் 28 நாளில் 2,100 முதல் 3,800 வரை பார்வைகள் பெற்றிருக்கின்றன. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் கேம்பல் லேன் கடைகளில் எடுத்த ஒரே ஒரு பாகம் 41,000 பார்வைகளைப் பெற்றிருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டி 18ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5,000 என்று வரும். ஆனால் அந்த 5,000 என்ற எண்ணிக்கையை ஒட்டிய பாகம் ஒன்றுகூட இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 2,900 கிடைக்கிறது. சமையல் காணொளிகளுக்கு அதே நடுமதிப்பு 11,400. மேலாளர் இரண்டு எண்களையும் தருகிறார், தீபாவளிப் பாகத்தை ஒதுக்கிவிட்டதாகப் பின்னால் குற்றச்சாட்டு வராதபடி அதற்கென்று ஒரு பத்தியும் எழுதுகிறார்:

"தீபாவளிப் பாகத்தை நான் மறக்கவில்லை, அக்கா. அதன் பார்வைகளில் பெரும்பகுதி யூடியூப் தேடலிலிருந்து, அந்த இரண்டு வாரத்துக்குள் வந்திருக்கிறது. ஆட்கள் தேடியது பண்டிகைக் கடைகளை. பண்டிகை முடிந்ததும் அந்த வரவு ஏறக்குறைய நின்றுவிட்டது. அடுத்து வந்த இரண்டு பாகங்களும் வழக்கமான அளவுக்கே திரும்பியிருக்கின்றன, ஆகவே அதைப் பார்க்க வந்தவர்கள் தொடருக்காகத் தங்கவில்லை என்றே படுகிறது."

கடைசி வாக்கியத்தில் 'என்றே படுகிறது' என்று எழுதியிருப்பதைக் கவனிக்கலாம். யார் எந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு அடுத்து எதைப் பார்த்தார் என்று தனித்தனி ஆளாக ஸ்டூடியோ காட்டுவதில்லை. எண்களிலிருந்து ஊகித்ததை ஊகம் என்று சொல்லிவிட்டால், ஊகமில்லாத மற்றவற்றை நம்புவது படைப்பாளருக்கு எளிதாகிறது.

அதன் பிறகு கிளிக் விகிதம். இங்கேதான் மேலாளர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். தம்ப்நெயிலில் பாதியாவது திரையில் தெரிந்து, ஒரு விநாடிக்கு மேல் நின்றால்தான் யூடியூப் அதை ஓர் இம்ப்ரெஷனாகக் கணக்கில் சேர்க்கும். அப்படிக் காட்டப்பட்டதில் எத்தனை விழுக்காடு சொடுக்கப்பட்டது என்பதே கிளிக் விகிதம். யூடியூப்பில் உள்ள சேனல்களிலும் காணொளிகளிலும் பாதியளவு 2 முதல் 10 விழுக்காட்டுக்குள் இருக்கின்றன என்று அந்த நிறுவனமே சொல்கிறது. சந்தை உலாவின் கிளிக் விகிதம் 2.3. இதைத் தனியாக நீட்டி "மிகக் குறைவு" என்று எழுதியிருந்தால், "இரண்டுக்கு மேல் இருக்கிறதே" என்று படைப்பாளர் பதில் எழுதியிருப்பார். அந்தப் பதிலில் நியாயமும் இருந்திருக்கும். சமையலுக்கு 5.2 என்று பக்கத்தில் வைத்தாலும் வாதம் முழுமையடையாது. ஏனென்றால் ஒரு காணொளியை யூடியூப் அதிகம் பேருக்குக் காட்டக் காட்ட, சேனலை அறியாதவர்களிடமும் அது போய்ச் சேர்வதால், கிளிக் விகிதம் இயல்பாகவே இறங்கும். பரவலாகக் காட்டப்பட்டதால்தான் 2.3 ஆகிவிட்டதோ என்ற ஐயத்தைத் தீர்க்க இம்ப்ரெஷன்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். சந்தை உலாவின் ஒரு பாகத்துக்கு அது 90,000, ஒரு சமையல் காணொளிக்கு 1,80,000. குறைந்த பேருக்குக் காட்டப்பட்ட காணொளிக்கே விகிதமும் குறைவாக இருக்கிறது என்னும்போது, பரவலைக் காரணமாகச் சொல்ல இடமில்லை.

இன்னொரு மறுப்பையும் மேலாளர் முன்பே சந்திக்கிறார். சந்தை உலாவின் சுட்டியை உறவினர்களும் புளோக் அண்டைவீட்டாரும் வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்கிறார்கள். அப்படி வருபவர்கள் கிளிக் விகிதத்தில் சேர்வதே இல்லை. உண்மைதான், யூடியூப்புக்கு வெளியிலிருந்தும் அறிவிப்புகளிலிருந்தும் வருபவை இம்ப்ரெஷனாகக் கணக்கிடப்படுவதில்லை. ஆனால் அவர்கள் பார்வை எண்ணிக்கையில் சேர்ந்தேயிருக்கிறார்கள். இம்ப்ரெஷன் வழியாக வந்தவர்கள் ஏறத்தாழ 2,070 பேர் என்றால், மற்ற வழிகள் எல்லாம் சேர்த்து 830. அவர்களையும் கூட்டித்தான் 2,900 வந்தது. வெளியிடும் நேரம் பற்றிய மறுப்பை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்: இரண்டு வகையுமே இங்கு இரவு எட்டு மணிக்கு, அதாவது தமிழ்நாட்டில் மாலை ஐந்தரைக்கு வெளியாகின்றன.

பார்த்த நேரத்தில் கடிதம் ஒரு விட்டுக்கொடுப்பைச் செய்கிறது. விழுக்காட்டில் சொன்னால் சந்தை உலாவை ஆட்கள் 24 விழுக்காடும், சமையலை 46 விழுக்காடும் பார்க்கிறார்கள். படிப்பவரை அதிரவைக்கும் ஒப்பீடுதான். ஆனால் ஒன்று 18 நிமிடம், மற்றது 9 நிமிடம். நீளமான காணொளிக்கு விழுக்காடு குறைவது வழக்கம். நிமிடமாக மாற்றினால் சந்தை உலாவில் ஒருவர் சராசரியாக 4 நிமிடம் 20 விநாடி இருக்கிறார், சமையலில் 4 நிமிடம் 10 விநாடி. அதாவது வந்தவர்களைப் பொறுத்தவரை சந்தை உலா தோற்கவில்லை, இம்மியளவு முந்தியும் நிற்கிறது. இதை மேலாளர் ஒளிக்காமல் எழுதுகிறார். என் பார்வையில் இந்தக் கடிதத்தின் மதிப்பு இந்த இடத்தில்தான் கூடுகிறது. விழுக்காட்டை மட்டும் காட்டிவிட்டுப் போயிருந்தால், ஸ்டூடியோவைத் தானே திறந்து பார்க்கும் படைப்பாளர் நிமிடக் கணக்கைக் கண்ட அன்றே கடிதம் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகியிருக்கும்.

வந்தவர்கள் போதுமான நேரம் இருக்கிறார்கள், ஆனால் வருபவர்கள் குறைவு என்றால், அடுத்த கேள்வி தானாக எழுகிறது. தொடரில் குறை இல்லை, தம்ப்நெயிலும் தலைப்பும்தான் சரியில்லை என்று ஏன் இருக்கக்கூடாது? எந்தப் படைப்பாளரும் இதைத்தான் கேட்பார், கேட்கவும் வேண்டும். வெறும் வாதத்தால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கடிதம் எழுதுவதற்கு முன்பே, அடுத்த மூன்று பாகங்களுக்குப் புதிய உறையைப் போட்டுப் பார்க்க மேலாளர் படைப்பாளரிடம் சம்மதம் வாங்கியிருந்தார். 'சந்தை உலா - பாகம் 19' என்ற தலைப்புக்குப் பதிலாக, இருபது வெள்ளிக்கு ஒரு வாரத்து மீன் வாங்க முடியுமா என்பது போன்ற கேள்வித் தலைப்பு; நடைபாதைக் காட்சிக்குப் பதிலாகக் கையில் மீனோடு முகம் தெரியும் தம்ப்நெயில். முடிவைக் கடிதம் இப்படிச் சொல்கிறது:

"கிளிக் விகிதம் 2.3இலிருந்து 3.9க்கு ஏறியது. அதைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஒருவர் பார்க்கும் நேரம் 4 நிமிடம் 20 விநாடியிலிருந்து இரண்டரை நிமிடத்துக்கு இறங்கியது. காட்டப்பட்ட அளவு ஏறக்குறைய அதேதான். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், இம்ப்ரெஷன் வழியாக வந்தவர்கள் பார்த்த மொத்த நேரம் முன்பு இருந்த அளவிலேயே நிற்கிறது."

கணக்கு எளிது. 3.9ஐ 2.3ஆல் வகுத்தால் 1.7, வந்தவர்கள் ஏறத்தாழ 1.7 மடங்கு ஆனார்கள். 150 விநாடியை 260 விநாடியால் வகுத்தால் 0.58. இரண்டையும் பெருக்கினால் 0.98. புதிய உறை புதிதாக ஆட்களை அழைத்து வந்தது, வந்தவர்கள் தலைப்பு சொன்ன விஷயம் உள்ளே இல்லை என்று கண்டு கிளம்பிவிட்டார்கள். தம்ப்நெயில்தான் குறை என்றால் கிளிக் ஏறும்போது பார்க்கும் நேரம் ஓரளவாவது தாக்குப்பிடித்திருக்கும். இரண்டும் எதிர் எதிராக நகர்வது, உறைக்கும் உள்ளே இருப்பதற்கும் பொருத்தம் இல்லை என்பதன் அடையாளம். மூன்று பாகம் என்பது சிறிய சோதனை என்பதையும் கடிதம் சொல்லிவிடுகிறது. மூன்றுமே ஒரே திசையில் போனதால் மட்டுமே அதற்கு எடை தருவதாக எழுதியிருக்கிறார்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் காட்ட ரிடென்ஷன் வளைவு ஒன்றே போதும். சமையல் காணொளிகளில் முப்பதாவது விநாடியில் 68 விழுக்காட்டினர் மீதம் இருக்கிறார்கள். சந்தை உலாவில் 48. பஃப்ளோ ரோடு பக்கமிருந்து உள்ளே நுழைந்து, இன்று என்ன கிழமை, என்ன கூட்டம் என்று பேசும் தொடக்கத்திலேயே பாதிக்கு மேல் கிளம்பிவிடுகிறார்கள். அதன் பிறகு வளைவு மெல்லச் சரிகிறது, ஓர் இடத்தில் மட்டும் ஏறுகிறது. மீன்காரர் வஞ்சிரத்தின் செவுளை விரலால் விரித்து, உள்ளே சிவப்பு எந்த அளவு இருந்தால் நேற்றைய மீன், எந்த அளவு இருந்தால் இன்றைய மீன் என்று காட்டும் இரண்டு நிமிடம் அது. வளைவு ஏறுகிறது என்றால் ஆட்கள் பின்னால் தள்ளி மறுபடி பார்க்கிறார்கள், அல்லது வேறு இடத்திலிருந்து தாவி அங்கே வருகிறார்கள் என்று பொருள். வேறு நான்கு பாகங்களிலும் இதே போன்ற மேடுகள் உள்ளன, எல்லாமே கடைக்காரர் ஒருவர் கையில் பொருளை வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்கக் கற்றுத்தரும் இடங்கள். ஆகவே மேலாளர் நிறுத்தச் சொல்வது பதினெட்டு நிமிட நடையை. அந்த இரண்டு நிமிடங்களைச் சமையல் காணொளிகளின் முகப்புக்குக் கொண்டுவரச் சொல்கிறார். வஞ்சிரக் குழம்பு காணொளி மீன்காரரின் கையிலிருந்து தொடங்கலாம்.

படைப்பாளரிடம் வலுவான வாதம் இன்னொன்று உண்டு. சந்தை உலாவைப் பார்ப்பவர்களில் 44 விழுக்காட்டினர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், சமையலைப் பார்ப்பவர்களில் 14 விழுக்காட்டினர் மட்டுமே. மற்றவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். இங்குள்ள தமிழ்ச் சேனல் ஒன்றுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. உள்ளூர்க் கடைகளோ மளிகைக் கடைகளோ விளம்பரத்துக்கு வரும்போது கேட்பது உள்ளூர்ப் பார்வையாளரைத்தான், சென்னையில் இருப்பவர் சிராங்கூன் ரோட்டுக் கடைக்கு வந்து வாங்கப்போவதில்லை. ஆனால் விழுக்காட்டைத் தலையெண்ணிக்கையாக்கினால் படம் மாறுகிறது. 2,900இல் 44 விழுக்காடு ஏறத்தாழ 1,280. 11,400இல் 14 விழுக்காடு ஏறத்தாழ 1,600. சிங்கப்பூரிலிருந்து வரும் பார்வைகளும் சமையல் காணொளிக்கே கூடுதல். விளம்பரதாரரிடம் எதைக் காட்டுவது என்பது இனி பிரச்சினையில்லை. வித்தியாசம் 320 மட்டுமே என்பதால், இதை வெற்றி என்று கொண்டாடாமல், சந்தை உலாவை வைத்திருக்க இது தனிக் காரணம் ஆகாது என்ற அளவில் மேலாளர் நிறுத்திக்கொள்கிறார்.

உழைப்புக் கணக்கு கடிதத்தின் பின்பகுதியில்தான் வருகிறது, அது முன்னால் வந்திருந்தால் செலவைக் குறைக்க எழுதிய கடிதம் போல ஆகியிருக்கும். ஒரு சந்தை உலாவுக்கு ஆகும் நேரம் 22 மணி. அதில் படம் பிடிப்பது சிறு பகுதிதான். சந்தை இரைச்சலில் பேச்சைப் பிரித்தெடுப்பதும், படத்தில் வர விரும்பாதவர்களின் முகத்தை மறைப்பதும்தான் நேரத்தைத் தின்கின்றன. சமையல் காணொளிக்கு 14 மணி. நடுமதிப்புப் பார்வைகளைப் பார்த்த நேரத்தோடு பெருக்கினால், சந்தை உலா 28 நாளில் ஏறத்தாழ 210 மணி நேரம் பார்க்கப்படுகிறது, சமையல் 790 மணி நேரம். ஒரு மணி நேர உழைப்புக்கு ஒன்பதரை மணி நேரப் பார்வை ஒரு பக்கம், ஐம்பத்தாறு மறுபக்கம். இந்த ஒரே எண்ணுக்குத்தான் மறுப்பு எதுவும் எழவில்லை, அதனாலேயே விளக்கமும் அதிகம் தேவைப்படவில்லை.

கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பார்வை குறைந்த காணொளிகள் சேனலையே கீழே இழுத்துவிடும், யூடியூப் தண்டிக்கும் என்ற பயமுறுத்தல் இத்தகைய கடிதங்களில் வழக்கமாக இடம்பெறும். பரிந்துரை முறை ஒவ்வொரு காணொளிக்கும் பார்வையாளர்கள் எப்படி எதிர்வினை செய்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறது, ஒரு காணொளி சரியாகப் போகாததற்காகச் சேனலுக்கு அபராதம் இல்லை என்று யூடியூப் தரப்பில் பலமுறை விளக்கியிருக்கிறார்கள். மேலாளர் இந்தப் பயமுறுத்தலைப் பயன்படுத்தியிருந்தால் ஒருவேளை காரியம் விரைவில் முடிந்திருக்கும். ஆனால் படைப்பாளர் அடுத்த முறை புதிதாக எதையாவது செய்து பார்க்கவே அஞ்சும் நிலை வந்திருக்கும்.

கருத்துப் பகுதியைப் பற்றிய மறுப்புக்கு மட்டும் தரவில் முழுப் பதில் இல்லை. சந்தை உலாவுக்குப் பாகத்துக்குச் சராசரியாக 85 கருத்துகள், சமையலுக்கு 60. பார்வைக்கு ஏற்றபடி பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. எழுதுபவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து வரும் அதே முகங்கள், தேக்காவில் தங்கள் அம்மாவோடு நடந்த நாள்களை எழுதுபவர்கள். அவர்களில் பலருடைய பெயர்கள் சமையல் காணொளிகளின் கீழும் தென்படுகின்றன என்று மேலாளர் பார்த்திருக்கிறார். ஆனால் கருத்து எழுதாமல் சந்தை உலாவுக்காக மட்டும் வருபவர்கள் எத்தனை பேர் என்பதை ஸ்டூடியோவிலிருந்து எடுக்க முடியாது. அதை அறிய ஒரே வழி நிறுத்திப் பார்ப்பதுதான். ஆகவே கடிதம் கேட்பது நிரந்தர முடிவை அல்ல, எட்டு வார இடைவெளியை.

அந்த எட்டு வாரமும் எதைப் பார்ப்பது, எந்த அளவில் முடிவு மாறும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கிறார். பார்க்க வேண்டியது, மாதந்தோறும் சேனலுக்குத் திரும்ப வரும் பார்வையாளர்களின் எண்ணிக்கை. பொங்கல், தீபாவளி, பள்ளி விடுமுறை ஆகியவை குறுக்கிட்டால் அந்த எண் வேறு காரணத்தால் ஏறி இறங்கும் என்பதால், பண்டிகை இல்லாத இரண்டு மாதங்களை அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். பழைய பாகங்கள் எதையும் நீக்கவோ மறைக்கவோ கூடாது என்கிறார். நீக்கினால் பகிரப்பட்ட சுட்டிகள் எல்லாம் செத்துவிடும், தீபாவளிப் பாகத்துக்கு அடுத்த வருடமும் வரக்கூடிய தேடல் வரவும் போய்விடும். அவை எல்லாம் ஒரு பிளேலிஸ்டில் இருக்கட்டும், பண்டிகைக் காலத்தில் மட்டும் ஆண்டுக்கு இரண்டு முறை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும், கேம்பல் லேனில் உலா வரலாம் என்பது அவர் முன்வைக்கும் மாற்று. இரசிகர்களுக்குச் சொல்லும் அறிவிப்பையும் எண்களின் மொழியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். "பார்வை குறைவாக இருக்கிறது" என்று சொன்னால் இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தங்களைப் போதாதவர்களாக நினைத்துக்கொள்வார்கள்.

கடிதத்தின் கடைசிப் பத்தி இது:

"எட்டு வாரத்தில் திரும்ப வருபவர்கள் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால், உலா மறுபடி தொடங்கட்டும், நானே சனிக்கிழமை காலை கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். குறையவில்லை என்றால், மாதம் இரண்டு உலாவுக்கு ஆகும் அந்த 44 மணி நேரத்தில் இரண்டு சமையல் காணொளி கூடுதலாகச் செய்யலாமா என்று அப்போது பேசுவோம். வஞ்சிரக் குழம்புக்கு மீன்காரரிடம் மட்டும் இந்த வாரமே பேசி வைத்துவிடுங்கள், அக்கா. அதற்கு எந்த எண்ணுக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை."